கற்றல் வளைவா, கைப்பழக்கக் கோடா?

காட்பாடி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி பி.காம். பிள்ளைகளுக்கு அடக்கவிலைக் கணக்கியல் குறிப்பு திங்கட்கிழமைக்குள் தர வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். புதிதாக வடிவமைத்த பொருளைப் பட்டறையில் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஆள்நேரம் குறைந்துகொண்டே போகுமே, 1936இல் ரைட் என்பவர் விமானக் கட்டுமானத்தை வைத்து எழுதிய அந்த ‘லேர்னிங் கர்வ்’. ‘கற்றல் வளைவு’ என்று போட்டால் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதைப் பற்றியது என்கிறார்கள்.

குடியாத்தம் ஐயா:
‘பயில்வளைவு’ என்று வையுங்கள் அம்மா. பயில்தல் என்றால் படிப்பது மட்டுமில்லை, அடிக்கடி நிகழ்வதும் பயில்தல்தான், ஒன்றையே மறுபடி மறுபடி செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ‘கல்’ கல்லுதல், அதாவது தோண்டுதல், அதிலிருந்து கல்வி, கலப்பையைக்கூட அங்கேதான் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி, அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஆரணி அம்மா:
என் பேத்திக்குக் கணினி வகுப்பில் இதே பிரச்சினைதான், வளைவு ரொம்பச் செங்குத்து, தலையில் ஏறவில்லை என்கிறாள். அதற்கும் இந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாமா?

ராணிப்பேட்டை பட்டறை:
அம்மா, அது வேறு. கணக்கில் கோடு செங்குத்தாக இறங்கினால் எங்களுக்குக் கொண்டாட்டம், நேரம் சீக்கிரம் குறைகிறது என்று அர்த்தம். குடியாத்தம் ஐயாவுக்கு ஒன்று, ‘பயில்வளைவு’ வினைத்தொகை, அப்படியானால் வளைவு உட்கார்ந்து பயில்கிறதா?

குடியாத்தம் ஐயா:
குடிநீர் என்றால் நீரா குடிக்கிறது தம்பி?

ஆம்பூர்:
எங்கள் ஷூ கம்பெனியில் புது மாடல் வந்தால் முதல் வாரம் தையல் லைன் தடுமாறும், அப்புறம் வேகம் பிடிக்கும். 80 சதவீத வளைவு என்றால் ஜோடியின் மொத்த அடக்கமும் 20 சதவீதம் இறங்கும், அவ்வளவுதான் விஷயம்.

காட்பாடி ஆசிரியை:
பாதி சரி அண்ணா. தோல் விலையும் சோல் விலையும் கைப்பழக்கத்தால் குறையாது, ஆள்நேரம் மட்டும்தான் குறையும். அதுவும் மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதுதான் ஒன்றுக்கான சராசரி நேரத்தில் அந்த 20 சதவீதம். ஒன்று இரண்டானால் ஒரு இறக்கம், ஆயிரம் இரண்டாயிரம் ஆனால்தான் அதே சதவீத இறக்கம், அதனால்தான் போகப் போகக் கோடு படுத்துவிட்டதுபோல் தெரிகிறது.

ராணிப்பேட்டை பட்டறை:
இதில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். ஈரத்தோல் தள்ளும் வண்டி ஒன்றைப் புதிதாக வடிவமைத்தோம், முதல் வண்டிக்கு 100 மணி நேரம். இரண்டு முடிந்தபோது சராசரி 80, நாலு முடிந்தபோது 64. இன்னும் நாலு கேட்டார்கள். எட்டுக்குச் சராசரி 51.2 வரும் என்று போட்டு, அதை நாலால் பெருக்கி 204.8 மணிக்கு ரேட் கொடுத்தேன். அது தப்பு. 51.2 என்பது முதல் வண்டியையும் சேர்த்த சராசரி. எட்டுக்கு மொத்தம் 409.6, அதில் ஏற்கெனவே செலவான 256 போனால் பாக்கி 153.6தான். மணிக்கு 120 ரூபாய் கூலியில் 6144 ரூபாய் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன், ஆர்டர் வேறு பக்கம் போய்விட்டது. அப்புறம் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதே வண்டியைக் கேட்டார், அதற்குள் வெல்டர்கள் இரண்டு பேர் விலகியிருந்தார்கள், 153.6 கணக்கை நம்பி எடுத்ததில் நேரம் எகிறிவிட்டது. கோடு பட்டறையில் இல்லை, ஆள் கையில் இருக்கிறது. ‘கை பழகிடுச்சு’ என்றுதான் நாங்கள் சொல்வோம், சித்திரமும் கைப்பழக்கம் என்று கேட்டு வளர்ந்த ஊரில் ‘கைப்பழக்கக் கோடு’ என்றால் யாருக்குப் புரியாது?

ஆம்பூர்:
பீஸ் ரேட் கூலியில் அந்த மிச்சம் முதலாளிக்கு வரவே வராது, ரேட்டைக் குறைத்தால்தான். அங்கே சண்டை.

காட்பாடி ஆசிரியை:
அதற்கு ஒரு பாராவே சேர்க்கிறேன். ஆனால் எனக்கு உண்மையான தலைவலி அந்த 80தான். அதைக் ‘கற்றல் விகிதம்’ என்று எழுதினால் 90 சதவீதம் கற்றவர் 70 சதவீதம் கற்றவரைவிடக் கெட்டிக்காரர் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், உண்மையில் 90தான் மந்தம், 100 என்றால் ஒன்றுமே பழகவில்லை.

குடியாத்தம் ஐயா:
‘எஞ்சு விகிதம்’. குறைந்தது போக எஞ்சி நிற்பது 80.

ராணிப்பேட்டை பட்டறை:
எஞ்சு என்றால் என் மேஸ்திரி எஞ்சின் என்று கேட்பார் ஐயா. ‘மீதி விகிதம்’ போதும்.

காட்பாடி ஆசிரியை:
பல்கலைக்கழக வினாத்தாளில் ‘கற்றல் வளைவு’ என்றே வருவதால் தலைப்பில் அதையே வைக்கிறேன், நால்வர் அதற்குச் சரி என்று தனி மடல் போட்டிருக்கிறார்கள். பட்டறைக் கணக்கு வரும் இடத்தில் கைப்பழக்கம் என்று விளக்கிவிடுகிறேன். 80க்கு இப்போதைக்கு மீதி விகிதம்.

குடியாத்தம் ஐயா:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கலப்பை மடல் நாளை வரும்.