லோகோவுக்கு முன்னாடி ஆறு முகப் பட்டகம்: தேவையா, தாமதமா?

செக்கடி
மரச்செக்கு நல்லெண்ணெய் ஒன்றுக்கு லோகோவும் பாட்டில் லேபிளும் செய்யணும். ஒரு பிராண்ட் தன்னை யாருன்னு ஆறு முகமாப் பிரிச்சு எழுதுற பிராண்ட் பட்டகத்தை உரிமையாளர் நிரப்பி அனுப்பியிருக்கார். உருவம்: சுத்தம். ஆளுமை: நம்பகம். பண்பாடு: பாரம்பரியம். உறவு: நம்பிக்கை. பிரதிபலிப்பு: 25–45 வயசுப் பெண்கள். தன்பிம்பம்: ஆரோக்கியம். இதை வச்சு ஒரு கோடுகூடப் போட முடியல. பட்டகத்தை விட்டுட்டு நேரா வரைய ஆரம்பிக்கலாமா?

நாற்சந்தி
ஆரம்பிங்க. பட்டகம் ஏற்கெனவே வரலாறு உள்ள பிராண்டுகளைப் படிக்க உதவும். இன்னும் ஒரு பாட்டில்கூட விற்காத எண்ணெய்க்கு என்ன தன்பிம்பம் இருக்க முடியும்? அந்த ஆறு பெட்டியிலும் இருப்பது உரிமையாளரின் ஆசை. பத்து ஸ்கெட்ச் போட்டு மேசையில பரப்புங்க. எதைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார், எதைக் கையில எடுக்கிறார் என்பதே உங்களுக்கு வேண்டிய விவரம்.

வெண்பலகை
ஆறு பெட்டியிலும் பொதுச்சொல்லே இருப்பதுதான் சிக்கல். எந்த எண்ணெய்க்கும், ஏன் எந்தத் தண்ணீர்க் கேனுக்கும் அவை பொருந்தும். போட்டி நிறுவனத்தின் பெயரை மேல ஒட்டிப் பாருங்க. வாக்கியம் அப்பவும் உண்மையா இருந்தா அதை அடிச்சிடணும். செக்கடி அனுப்பினதில் ஒன்றுகூட இந்தச் சோதனையில் தேறாது.

நிரப்பின பட்டகம் எப்படி இருக்கும் என்பதற்கு பிரெஞ்சு உடை பிராண்டான லகோஸ்ட்டைப் பாருங்க. பட்டகத்தை உருவாக்கிய பாரிஸ் எச்.இ.சி. வணிகப் பள்ளிப் பேராசிரியர் கப்ஃபெரேர் எடுத்துக்காட்டிய பிராண்டுகளில் அதுவும் ஒன்று. என் சொற்களில் சொல்றேன். உருவம்: பிக்கே பின்னல் பருத்தி, குட்டைக் கை, இடது மார்பில் சின்னதா ஒரு பச்சை முதலை. ஆளுமை: அடக்கமானது, தன்னைக் காட்டிக்கத் துடிக்காதது. பண்பாடு: டென்னிஸ் மைதானத்தின் கனவான் ஒழுங்கு. ஜெயிக்கலாம், ஆனா நேர்த்தி குலையக் கூடாது. உறவு: எந்த இடத்துக்கும் போட்டுப் போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டாங்க, கூட்டத்தில் கரைஞ்சும் போக மாட்டோம். பிரதிபலிப்பு: அப்பாவும் மகனும், ஆணும் பெண்ணும் ஒரே சட்டையில். தன்பிம்பம்: நான் ஒரு நல்ல கிளப்பின் உறுப்பினர்.

இதில் எதுவும் கூட்டம் போட்டுக் கற்பனை செய்ததில்லை. 1920களில் டென்னிஸ்காரர்கள் விறைப்பான முழுக்கைச் சட்டையோடு ஆடினாங்க. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் அதை விட்டு, காத்து நுழையும் பின்னல் துணிக்கு வந்தார். பத்திரிகைகள் அவருக்கு முதலைன்னு பட்டப்பெயர் வச்சதால் முதலை வந்தது, நண்பர் ராபர்ட் ஜார்ஜ் அதை வரைந்தார். 1933-ல் பின்னலாடை உற்பத்தியாளர் ஆந்த்ரே கில்லியேவோடு சேர்ந்து விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. அந்தச் சட்டையின் பெயர் எல்.12.12. கடைசி 12, தேர்வான மாதிரியின் எண். உருவம் என்ற முகத்துக்கு வேண்டியது இப்படிக் கையால் தொடக்கூடிய விஷயம்தான்.

நாற்சந்தி
நான் சொன்னதையே நிரூபிச்சிட்டீங்க. ரெனே இருந்தார், சட்டை இருந்தது, முதலை இருந்தது. பல பத்தாண்டு கழிச்சு ஒரு பேராசிரியர் வந்து ஆறு பெட்டியில் அடுக்கினார். 1933-ல் யாரும் பட்டகம் நிரப்பிட்டு முதலை வரையல. நடந்து முடிஞ்சதை எந்தச் சட்டகத்திலும் அழகா அடுக்கலாம்.

எழுத்துரு_ரசிகை
பிரதிபலிப்புப் பெட்டியில் தப்பில்லைன்னு நினைக்கிறேன். யார் வாங்குறாங்களோ அவங்கதானே பிரதிபலிப்பு? 25–45 என்பது கொஞ்சம் அகலம், 30–40-ன்னு குறுக்கினா போதும்.

வெண்பலகை
வாடிக்கையாளரைப் பற்றியது என்ற வரை சரி, ரசிகை. ஆனா வாங்குறவர் வேறு, பிரதிபலிப்பு வேறு. கோக-கோலாவை எல்லா வயசுக்காரரும் குடிக்கிறாங்க, ஆனா விளம்பரத்தில் நாம பார்ப்பது பெரும்பாலும் இளவட்டம். 60 வயசுக்காரர் அதை வாங்கும்போது அந்தக் கூட்டத்தோடு சேர்த்தே அவர் நினைவுக்கு வருகிறார். வயசு வரம்பை விற்பனைத் திட்டத்தில் எழுதுங்க. பட்டகத்தில், "இந்தப் பாட்டில் அடுப்பு மேடையில இருந்தா, பார்க்கிற விருந்தாளி வீட்டுக்காரரைப் பற்றி என்ன நினைப்பார்?" என்பதற்கான பதிலை எழுதணும். தன்பிம்பம் அதே வீட்டுக்காரர் தனக்குள்ள சொல்லிக்கிறது. முதலாவதை "அவங்க" என்று தொடங்கியும், இரண்டாவதை "நான்" என்று தொடங்கியும் எழுதினா குழப்பம் பாதி தீரும்.

கணக்குப்புலி
எதுக்கு இவ்வளவு பேச்சு? 50 வாடிக்கையாளர்கிட்ட இந்த ஆறு பெட்டியைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்க. அதிகம் வந்த சொல்லை எடுத்துக்கலாம்.

வெண்பலகை
அப்படிக் கிடைப்பது பிராண்டைப் பற்றி ஜனங்க மனசில் இப்ப இருக்கும் பிம்பம். பட்டகம், பிராண்ட் தன்னை யாருன்னு சொல்லிக்கப் போகிறது என்பதை அனுப்புகிறவர் பக்கத்திலிருந்து எழுதுவது. ரெண்டையும் பக்கத்துல வச்சு இடைவெளியைப் பார்க்கலாம், ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு வராது. அதிகம் வந்த சொல்லை எடுத்தா மறுபடியும் "சுத்தம்"தான் வரும்.

கணக்குப்புலி
பட்டகத்தில் கீழே உள்ள ரெண்டு முகமும், அதாவது பிரதிபலிப்பும் தன்பிம்பமும், வாங்குறவரைப் பற்றியதுதானே? அவங்க பேசுறதைக் கேட்காம எப்படி எழுதுவீங்க?

வெண்பலகை
கேட்கணும், அதை ஒத்துக்கிறேன். படிவம் கொடுக்காம, கடையில் ரெண்டு மணி நேரம் நின்னு காதால கேட்டு, அவங்க வாயால வந்த வாக்கியங்களை அப்படியே குறிச்சுக்கிட்டா போதும்.

செக்கடி
உரிமையாளர் அப்பாவும் செக்கு வச்சிருந்தவர். ஊர்க்காரங்க அவங்கவங்க எள்ளைக் கொண்டு வந்து ஆட்டிட்டுப் போவாங்களாம். இதை எந்தப் பெட்டியில் போடுறது?

வெண்பலகை
உறவு! அனுப்பினதில் ரொம்ப வெறுமையா இருந்த பெட்டிக்கு இதுதான் சரியான பொருள். "நம்பிக்கை"யை அடிச்சிட்டு, "உங்க எள்ளை உங்க கண் முன்னாடி ஆட்டித் தருகிறவர்" என்று எழுதுங்க. விற்கிறவர்–வாங்குகிறவர் உறவு வேறு, கூலிக்கு ஆட்டித் தருகிறவருக்கும் எள் கொண்டு வந்தவருக்கும் உள்ள உறவு வேறு. முதலாமவர் பொருளைப் புகழணும். இரண்டாமவர் கணக்கு ஒப்படைக்கணும். லேபிளில் இது உடனே தெரியும்: ஆட்டிய தேதியும் எள் வந்த ஊரும் முன்பக்கம் பெரிய எழுத்தில், புகழுரை பின்பக்கம்கூட வேண்டாம்.

மற்றதும் இங்கிருந்தே வரும். உருவத்துக்குப் பாட்டிலை மேசையில் வையுங்க. கருப்பட்டி சேர்த்து ஆட்டின எள்ளெண்ணெயின் நிறம், மூடியைத் திறந்ததும் வரும் வாசம், அடியில் தங்கும் மண்டி. அந்த மண்டியை லேபிளால மறைக்கப் போறோமா, தெரிய விடப் போறோமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா லேபிளின் உயரம் முடிவாகிடும். பண்பாட்டுக்கு, அவர் எதைச் செய்ய மறுக்கிறார்னு கேளுங்க. சூடு ஏறினா செக்கை நிறுத்துவாரா? தெளிய விடாம பாட்டிலில் ஊற்ற மாட்டாரா? "பாரம்பரியம்" என்று எழுதினா கோலமும் மண்பானையும் வரும். "அவசரப்படுத்த மாட்டோம்" என்று எழுதினா, நெருக்கியடிக்காத லேபிள் வரும், வெடிக்கிற மஞ்சள் நட்சத்திரச் சலுகைக் குறி வராது. ஆளுமை என்பது அந்த ஆள் பேசும் விதம். குறைச்சலாப் பேசுவார், தேதி தப்ப மாட்டார். அதுக்கு வளைஞ்சு நெளிஞ்ச கையெழுத்து எழுத்துரு ஒத்து வராது.

செய்யும் முறை: மூணு நாலு பேர் போதும், உரிமையாளரும் செக்கில் நிற்பவரும் கட்டாயம் இருக்கணும். முதல் 20 நிமிஷம் பேசாம, அவரவர் தனித்தாளில் எழுதட்டும். சேர்ந்து பேசிட்டு எழுதினா முதலாளி சொன்னதே ஆறு பெட்டியிலும் வரும். அப்புறம் ஒவ்வொரு பெட்டியிலும் ரெண்டு மூணு தொடருக்கு மேல விடாதீங்க. கடைசியா ஒவ்வொரு தொடர் பக்கத்திலும், அது எந்த வடிவ முடிவை எடுக்க வைக்குது, எதைத் தடுக்குதுன்னு எழுதுங்க. எதுவும் எழுத முடியலைன்னா அந்தத் தொடர் போகட்டும்.

நாற்சந்தி
இப்ப சொன்னது நல்லா இருக்கு, ஆனா பட்டகம் எங்கே வேலை செஞ்சுது? செக்கடி ஒரு நல்ல விவரம் சொன்னார், நீங்க நல்ல கேள்வி கேட்டீங்க. பெட்டி இல்லாமலும் இது நடந்திருக்கும்.

வெண்பலகை
அந்த விவரம் முதல்ல வந்த ஆறு வரியில் இல்லையே. உறவு என்று ஒரு பெட்டி காலியாத் தெரிஞ்சதாலதான் எங்கே போடுறதுன்னு கேட்டார்.

இன்னொரு பயனும் உண்டு. 2018-ல் லகோஸ்ட் முதலையையே எடுத்துட்டு, அழியும் நிலையில் உள்ள பத்து உயிரினங்களை அந்த இடத்தில் தைச்சது. காட்டில் எத்தனை மிச்சமோ அத்தனை சட்டை, மொத்தம் 1,775. யாருக்கும் அது வேற பிராண்டாத் தெரியல. இடது மார்பு, அதே அளவு, பச்சைத் தையல், பிக்கே எல்லாம் அப்படியே இருந்தன. உருவம் என்பது முதலைப் படத்தோடு முடிஞ்சுடலைன்னு எழுதி வச்சவருக்குத்தான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியும்.

நாற்சந்தி
85 வருஷம் ஒரே இடத்தில் முதலையைத் தைச்சதால கண்ணு பழகியிருக்கு. அதைத் தாளில் எழுதினதால இல்லை. புது எண்ணெய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிரதிபலிப்பும் தன்பிம்பமும் விற்ற பிறகுதான் தெரியும் என்ற என் வாதம் அப்படியே நிற்குது.

வெண்பலகை
அந்த ரெண்டைப் பற்றி நீங்க சொல்வதில் நியாயம் இருக்கு. புதுப் பிராண்டில் அவற்றைப் பென்சிலில் எழுதி, முதல் ஆயிரம் பாட்டில் விற்ற பிறகு திருத்தணும். ஆனா உருவம், பண்பாடு, உறவு மூணும் செக்கடியில் இப்பவே இருக்கு, அதுக்கு விற்பனை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

எழுத்துரு_ரசிகை
அப்ப ஆளுமை? அது பென்சிலா, பேனாவா?

நாற்சந்தி
பென்சில். எழுத்துருவை மூணு விதமா வச்சுப் பார்க்காம ஆளுமையைச் சொல்லவே முடியாது. அதனாலதான் ஸ்கெட்சும் பட்டகமும் ஒரே வாரத்தில் பக்கத்துப் பக்கத்துல நடக்கணும் என்கிறேன்.

வெண்பலகை
எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்கெட்ச் மேசைக்கு வந்துட்டா உரிமையாளர் தனக்குப் பிடிச்ச படத்துக்கு ஏத்த மாதிரி பெட்டியைத் திருத்துவார். ஒரு நாளாவது இடைவெளி விடுங்க.

செக்கடி
நாளைக்குச் செக்குக்கே போறேன், தனித்தாள்களோட. மண்டியை மறைக்கணுமா வேண்டாமான்னு முதல்ல அவர்கிட்ட கேட்கிறேன். பதிலை இங்கே போடுறேன்.