வராமல் போன வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

செக்குக்காரன்_ஈரோடு:
மரச்செக்கு எண்ணெய்க் கடை வெச்சிருக்கேனுங்க. மாசாமாசம் வாங்கிட்டு இருந்தவங்கள்ல 46 பேர் மூணு மாசமா ஆர்டர் போடல. வாட்ஸ்அப்ல இப்படி அனுப்பலாம்னு இருக்கேன்: "எங்களை மறந்துட்டீங்களா? உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்! 48 மணி நேரத்துக்கு மட்டும் 15% தள்ளுபடி!" கூட ஒரு அழுகிற முகம். சரியா இருக்குமா?

தங்கவேல்:
அழுகிற முகத்தை மட்டும் எடுத்துடுங்க, மத்ததெல்லாம் சரி. எங்க ஜவுளிக்கடையில கெடு போட்டா கூட்டம் வருது, போடலைன்னா வர்றதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உமா_பல்லாவரம்:
எங்க அப்பா இறந்து ஐந்தாவது வாரம், அவர் போனுக்கு ஒரு மளிகைக் கடையிலிருந்து வந்தது: "ஐயாவை ரொம்ப நாளா காணோமே, எங்க மேல கோபமா?" அனுப்பியவருக்குத் தெரிந்திருக்காது, அவர்மேல் தப்பும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு அம்மா அன்று சாப்பிடவில்லை. அந்தக் கடைக்கு நாங்கள் மறுபடி போகவும் இல்லை. வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். "மறந்துட்டீங்களா" என்று கேட்டால் பழி படிப்பவர் தலையில் விழுகிறது.

குமரன்77:
இவ்வளவு பதமா எதுக்குங்க கேக்கணும்? பாக்கி வெச்சிட்டு ஓடினவங்ககிட்ட நேரா கேக்கலாமே. என் கடையில ஒருத்தர் 1,400 ரூபாய் நிறுத்திட்டுப் போனாரு. ஞாபகப்படுத்தினதும் கட்டிட்டாரு.

செக்குக்காரன்_ஈரோடு:
பாக்கி வசூல் இல்லைங்க குமரன், நான் கேக்கறது வேற.

மீனா_கணக்கு:
குமரன் கேள்வியை மாற்றிப் புரிந்துகொண்டாலும் அவர் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். சின்னக் கடைகளில் பாதிப் பேர் சங்கடத்தால்தான் நிற்கிறார்கள். 200 ரூபாய் பாக்கி இருக்கும், கடை வழியாகப் போகவே கூசும். அவர்களிடம் தள்ளுபடி என்று சொன்னால் இன்னும் தூரம் போவார்கள். அந்தப் பெயர்களை முதலில் நோட்டில் பார்த்துத் தனியாக எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அந்த மூன்று மாதக் கணக்கு. மாதம் இரண்டு லிட்டர் வாங்குபவர் மூன்று மாதம் வரவில்லை என்றால் நின்றுவிட்டார். ஐந்து லிட்டர் டின் வாங்கிப்போன இரண்டு பேர் உள்ள வீட்டில் இன்னும் எண்ணெயே தீர்ந்திருக்காது. அவரிடம் "ரொம்ப நாளாச்சு" என்றால் முழிப்பார்.

இதையெல்லாம் கழித்தபின், ஒவ்வொருவரும் கடைசியாக வாங்கியது எந்தத் தேதி, எந்தத் தடவை ஆட்டிய எண்ணெய் என்று எழுதிப் பாருங்கள். செய்தி என்ன சொல்ல வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

தங்கவேல்:
ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா பக்கத்துக் கடைக்காரன் கொண்டுபோயிடுவான். 15% போட்டு வரவெச்சுட்டா அப்புறம் நின்னுடுவாங்க.

மீனா_கணக்கு:
செக்கண்ணன் லிட்டர் என்ன விலைக்கு விற்கிறார், அடக்கம் என்ன?

செக்குக்காரன்_ஈரோடு:
கடலெண்ணெய் 320. பருப்பு, ஆட்டுக்கூலி, பாட்டில், டெலிவரி எல்லாம் போட்டு, புண்ணாக்கு வித்த காசைக் கழிச்சா 270 நிக்குது.

மீனா_கணக்கு:
320-இல் 15% என்பது 48 ரூபாய். உங்களுக்கு நிற்பதே 50. இரண்டு ரூபாய்க்காக ஒரு டெலிவரி. ஜவுளியில் விலையிலேயே தள்ளுபடிக்கு இடம் வைத்திருப்பார்கள், தங்கவேல் சொல்வது அங்கே நடக்கும். எண்ணெயில் அந்த இடம் கிடையாது. தவிர, விடாமல் வாங்குகிறவர் முழு விலை கொடுக்கிறார், நின்றவருக்குக் குறைகிறது. இரண்டு பேரும் ஒரே தெருவில் இருந்தால் கதை முடிந்தது.

செக்குக்காரன்_ஈரோடு:
நோட்டை உக்காந்து பாத்தேனுங்க. டின்காரங்க 7, பாக்கி 5. மிச்சம் 34. அதுல 14 பேர் கடைசியா வாங்கினது வைகாசியில ஒரே தடவை ஆட்டின எண்ணெய். அந்தப் பருப்பு சரியா காயாம வந்துச்சு, ரெண்டு பேர் காறல் வாடைன்னு அப்பவே சொன்னாங்க. நான் அடுப்புப் பக்கம் வெச்சிருப்பீங்கன்னு சொல்லிட்டேன்.

உமா_பல்லாவரம்:
அதுதான் காரணம். மற்ற 12 பேர் சொல்லாமலே போயிருக்கிறார்கள்.

மீனா_கணக்கு:
காறலுக்காக நின்றவரிடம் தள்ளுபடி என்றால், கெட்டுப்போனதை மலிவாகத் தருகிறான் என்று நினைப்பார். 14 பேருக்குத் தனிச் செய்தி, 20 பேருக்குத் தனிச் செய்தி. முதல் செய்தி இப்படி:

"வணக்கம் அக்கா. வைகாசியில் கொடுத்த கடலெண்ணெயில் காறல் வாடை என்று சிலர் சொன்னார்கள். பருப்பு சரியாகக் காயவில்லை, தவறு எங்களுடையது. உங்களுக்கும் அப்படி இருந்திருந்தால் அதே அளவு புதிது தருகிறோம். பணமாக வேண்டுமானாலும் சரி. பழைய பாட்டிலைத் திருப்பித் தர வேண்டாம்."

தங்கவேல்:
எல்லாரும் காறல்னு சொல்லி ஓசியில வாங்கிடுவாங்க!

மீனா_கணக்கு:
14 பேரும் ஆளுக்கு இரண்டு லிட்டர் கேட்டாலும் அடக்கவிலையில் 7,560 ரூபாய். அதற்குமேல் போகாது. உண்மையாகவே கெட்டதை விற்றோம் அல்லவா?

செக்குக்காரன்_ஈரோடு:
மத்த 20 பேருக்கு நான் எழுதினது: "வைகாசிக்கு அப்புறம் உங்ககிட்டேருந்து ஆர்டர் வரல. வேற எடத்துல வாங்கினாலும் தப்பில்ல."

உமா_பல்லாவரம்:
"தப்பில்ல" வேண்டாமே. நாம் மன்னித்துவிட்ட மாதிரி இருக்கிறது. அவர் எங்கே வாங்கினாலும் அது அவர் இஷ்டம்.

மீனா_கணக்கு:
சரியாகப் பிடித்தீர்கள். "ஆர்டர் வரல" என்பதும் ஆசிரியர் வருகைப்பதிவு எடுப்பது போலத்தான். வாங்கியதைச் சொன்னாலே இடைவெளி தெரிந்துவிடும்: "கடைசியாக வைகாசியில் இரண்டு லிட்டர் வாங்கினீர்கள். இந்த வாரம் புதிதாக ஆட்டியிருக்கிறோம், இப்போது அரை லிட்டரிலும் உண்டு. தேவைப்பட்டால் சொல்லுங்கள். இதுபோன்ற தகவல் வேண்டாமென்றால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும்." அரை லிட்டர்தான் இங்கே சலுகை. திரும்ப வர யோசிப்பவருக்கு இரண்டு லிட்டர் பெரிய முடிவு.

உமா_பல்லாவரம்:
என்னைக் கேட்டால் மாதத்தையும் எடுத்துவிடுவேன். நான் எப்போது என்ன வாங்கினேன் என்று கடைக்காரர் எழுதி வைத்திருப்பதே எனக்குக் கூச்சம்.

மீனா_கணக்கு:
அதை எடுத்தால் ஊருக்கெல்லாம் போகிற நோட்டீஸ் ஆகிவிடும். தெரிந்த கடைக்காரர் நினைவு வைத்திருப்பது இயல்புதானே. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போல.

குமரன்77:
பிராட்காஸ்ட்ல போட்டா ஒரு நிமிஷ வேலை.

மீனா_கணக்கு:
பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போட்டால், உங்கள் நம்பரைப் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். நின்றவர்களில் எத்தனை பேர் வைத்திருப்பார்கள்? ஒவ்வொன்றாக அனுப்புங்கள், நாளுக்குப் பத்து. பதில் வந்தால் உடனே பேச ஆள் வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி கூடாது.

தங்கவேல்:
இருபதுல அஞ்சு பேருக்கு அனுப்பாம விட்டுப் பாருங்க. தானா வர்றவங்க எத்தனைன்னு தெரியும். அப்பதான் உங்க பதமான பேச்சு வேலை செஞ்சுதான்னு ஒத்துக்குவேன்.

மீனா_கணக்கு:
யோசனை நல்லது. ஆனால் அஞ்சு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒருவர் தற்செயலாக வந்தாலே கணக்கு புரண்டுவிடும்.

செக்குக்காரன்_ஈரோடு:
மூணு வாரம் ஆச்சுங்க. காறல் 14 பேர்ல 6 பேர் பேசினாங்க. நாலு பேர் புது எண்ணெய் வாங்கிட்டாங்க, ஒருத்தர் பணம் கேட்டார், கொடுத்துட்டேன். ஒரு அக்கா மட்டும் "இதை அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கலாம்ல"ன்னாங்க, எதுவும் வாங்கல. மத்த 20 பேர்ல அஞ்சு பேரை விட்டுட்டு 15 பேருக்கு அனுப்பினேன். அரை லிட்டர் கேட்டவங்க மூணு, "வேண்டாம்" ரெண்டு. விட்டு வெச்ச அஞ்சுல ஒருத்தர் தானாவே நேத்து கடைக்கு வந்துட்டார்.

தங்கவேல்:
பாத்தீங்களா! 15-க்கு மூணு, அஞ்சுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதான்.