அரை அடியில் நூறு சதுர அடி மாறுகிறது, எங்கே தப்பு?

நண்பர்களே, வீட்டை ஒட்டி ஒரு முக்கோணத் துண்டு நிலம் விலைக்கு வந்திருக்கிறது. டேப் பிடித்து மூன்று பக்கமும் அளந்தோம்: 100, 61, 40 அடி. ஹெரான் சூத்திரம்தான் போட்டேன். மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் s = 100.5.

√(100.5 × 0.5 × 39.5 × 60.5) ≈ 346.5 சதுர அடி

சரி என்று இருந்தேன். மறுநாள் மச்சான் அளந்தபோது நீளப் பக்கம் மட்டும் 100.5 அடி வந்தது. நடுவில் இருக்கும் கருவேலம் புதரைச் சுற்றி டேப் வளைந்திருக்கலாம். அதைப் போட்டால் s = 100.75, பரப்பளவு 246.6தான். பக்கம் நீண்டதும் நிலம் குறைந்துவிட்டது! கணக்கை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

எனக்குப் புரிந்தவரை, சின்னப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து 101 அடி, பெரியது 100. அதாவது முக்கோணம் கிட்டத்தட்ட ஒரு கோடாகவே படுத்துக் கிடக்கிறது. s-இலிருந்து பெரிய பக்கத்தைக் கழித்தால் வரும் 0.5, அரை அடிப் பிழையில் 0.25 ஆகிவிடுகிறது. சூத்திரத்தில் தப்பில்லை, அளவுதான் காலை வாருகிறது.

அதனால் எதிர்மூலையிலிருந்து நீளப் பக்கத்துக்குச் செங்குத்து உயரத்தையே அளக்கலாமா என்று யோசிக்கிறேன். முதல் கணக்குப்படி அது சுமார் 6.9 அடி இருக்க வேண்டும். அதில் அரை அடி தவறினாலும் 25 சதுர அடிதான் மாறும். ஆனால் புதருக்கு நடுவே செங்கோணத்தை எப்படிப் பிடிப்பது? கயிற்றில் 3-4-5 முறை போதுமா? நிலம் அளந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.