வர்க்கங்களின் கூட்டுத்தொகை: 1023 வரை சரியாக வருகிறது, 1024-இல் மைனஸ் ஆகிறது. ஏன்?

போக்குக்கோடு:

வணக்கம். ஒரு வெப்பநிலை சென்சாரிலிருந்து நிமிடத்துக்கு ஒரு அளவீடு வருகிறது. வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க, அளவீடுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, அவற்றின் நடுவே ஒரு நேர்கோடு பொருத்திச் சாய்வைக் கணக்கிடுகிறேன். அதற்கு 1² + 2² + ... + n² வேண்டும். ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டிருக்காமல் n(n+1)(2n+1)/6 என்ற சூத்திரத்தையே ஜாவாவில் எழுதிவிட்டேன்:

```java
static int sumSq(int n) {
    return n * (n + 1) * (2 * n + 1) / 6;
}
```

1023 அளவீடுகள் வரை எல்லாம் சரி. 1024-ஆவது வந்ததும் `sumSq` -357389482 என்று தருகிறது. வெப்பம் தெளிவாக ஏறிக்கொண்டிருக்கும்போது சாய்வு இறங்குமுகம் என்று காட்டுகிறது. வர்க்கங்களைக் கூட்டினால் மைனஸ் எப்படி வரும்? சூத்திரத்துக்கு ஏதாவது எல்லை இருக்கிறதா?

இரட்டைப்புள்ளி:

வகுத்தலில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். `int`-ஐ `int`-ஆல் வகுத்தால் மீதியை வெட்டிவிடும். 6-க்குப் பதில் 6.0 போட்டு, விடையை `double` ஆக்கிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை சராசரி கணக்கிடும்போது இதே மாதிரி ஆனது.

போக்குக்கோடு:

போட்டுப் பார்த்தேன். இப்போது -357389482.67 வருகிறது. மைனஸ் அப்படியேதான் இருக்கிறது.

எண்ணாழி:

அந்த .67 நல்ல துப்பு, அதிலிருந்தே தொடங்கலாம். n(n+1)(2n+1) எந்த n-க்கும் 6-ஆல் மீதியின்றி வகுபடும். n, n+1 இரண்டில் ஒன்று இரட்டை எண். n-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 0 என்றால் n-லேயே 3 இருக்கிறது, மீதி 2 என்றால் n+1-இல் இருக்கிறது, மீதி 1 என்றால் 2n+1-இல் இருக்கிறது. ஆகவே பின்னம் வர வழியே இல்லை. வந்துவிட்டது என்றால், வகுப்பதற்கு முன்பே பெருக்கல் கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். 6.0 போட்டதால் தவறு போகவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது.

கெட்டது எப்படி என்று பாருங்கள். 1024 × 1025 × 2049 = 2150630400. `int` தாங்கும் உச்சம் 2147483647. அதைத் தாண்டியதும் ஜாவா எச்சரிக்கை எதுவும் தராமல் 2³²-ஐக் கழித்துவிடும். மிஞ்சுவது -2144336896. அதை 6-ஆல் வகுத்தால் நீங்கள் பார்த்த எண். 1023-க்கு அந்தப் பெருக்கல் 2144338944, உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. சரியான விடையான 358438400, `int`-க்குள் தாராளமாக அடங்கும். இடையில் வரும் பெருக்கல்தான் அடங்கவில்லை. சூத்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

நேர்வழி:

எதற்கு இவ்வளவு சுற்று? சூத்திரத்தைத் தூக்கிவிட்டு ஒரு `for` வைத்துக் கூட்டினால் போதும். இப்போதே சோதித்தேன், 1024-க்கு 358438400 சரியாக வருகிறது.

எண்ணாழி:

1024-க்கு வரும், ஏனென்றால் கூட்டும்போது விடையைவிடப் பெரிய எண் நடுவில் எங்கும் வருவதில்லை. ஆனால் 1860 வரைதான். அங்கே கூட்டுத்தொகை 2146682110. அடுத்த 1861²-ஐச் சேர்த்ததும் உச்சத்தைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்றால் ஒரு நாளைக்கு 1440, இரண்டாம் நாளே அதே புகார் வரும். பிரச்சினை தள்ளிப்போகும், தீராது.

தேர்வுக்காலம்:

இதே தலைப்பு என்பதால் இங்கேயே கேட்கிறேன், மன்னிக்கவும். 11² முதல் 20² வரை கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். 20 வரை 2870, 11 வரை 506. கழித்தால் 2364. விடைக் குறிப்பில் 2485 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

இரட்டைப்புள்ளி:

இல்லை தம்பி, குறிப்புதான் சரி. 11² உங்களுக்கு வேண்டிய பட்டியலில் இருக்கிறது, நீங்கள் அதையும் சேர்த்துக் கழித்துவிட்டீர்கள். 10 வரை உள்ள 385-ஐக் கழியுங்கள். 2485-க்கும் 2364-க்கும் வித்தியாசம் 121, அதாவது விட்டுப்போன அந்த 11²-தான்.

போக்குக்கோடு:

எண்ணாழி ஐயா, விளக்கத்துக்கு நன்றி. `int sumSq` என்பதை `long sumSq` என்று மாற்றினேன். இன்னும் அதே மைனஸ் எண்தான் வருகிறது. `long` கூடப் போதாதா?

எண்ணாழி:

போதும், ஆனால் `long` இருக்கும் இடம் தவறு. `n` இன்னும் `int`, ஆகவே பெருக்கல் முழுக்க `int`-ஆகவே நடந்து, கெட்டு, அதன் பிறகுதான் `long`-ஆக மாறுகிறது. முதல் பெருக்கலுக்கு முன்பே மாற்ற வேண்டும்:

```java
static long sumSq(int n) {
    return (long) n * (n + 1) * (2L * n + 1) / 6;
}
```

இது n சுமார் 16 லட்சத்து 64 ஆயிரம் வரை தாங்கும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் மூன்று வருடங்களுக்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. 6-ஆல் வகுபடுகிறதா என்று பார்த்தே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிவிடாதீர்கள். பழைய `int` நிரலில் 1860-ஐக் கொடுத்தால் -801538 என்று பின்னமே இல்லாத முழு எண் வரும். அதற்குள் 2³² மூன்று முறை கழிந்திருக்கும், மூன்று 2³² சேர்ந்தால் 6-ஆல் வகுபட்டுவிடும். அங்கே மைனஸ் இருந்ததால் தப்பித்தோம். வேறு சில n-களுக்கு மைனசும் இருக்காது, நம்பும்படியான ஒரு நேர் எண் வந்து நிற்கும்.

உங்கள் சாய்வு எவ்வளவு தவறாக வந்தது என்றும் சொல்லிவிடலாம். சாய்வின் கீழே வருவது, வர்க்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து (கூட்டுத்தொகை)²/n கழித்தது. முதலாவது ஏறக்குறைய n³/3, இரண்டாவது n³/4. கழித்தால் n³/12. 1024-இல் உங்கள் n³/3 கிட்டத்தட்ட அதே அளவில் மைனசாகிவிட்டது, ஆகவே -n³/3 - n³/4, அதாவது -7n³/12. சாய்வு ஏழில் ஒரு பங்காகச் சுருங்கி, திசையும் மாறியிருக்கும். சரிதானா பாருங்கள்.

போக்குக்கோடு:

அப்படியேதான்! 1023-இல் 0.021 இருந்தது, 1024-இல் -0.003. எங்கிருந்து வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணாழி:

இன்னொன்றும் செய்யலாம். அந்தக் கழித்தலை எண்ணில் செய்யாமல் எழுத்திலேயே செய்து முடித்தால் n(n²-1)/12 என்று சுருங்கும். பத்து அளவீடுகளுக்குப் பாருங்கள்: 385 - 55²/10 = 82.5. இந்தப் பக்கம் 10 × 99/12, அதுவும் 82.5. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணைத் தேடும் வேலையே இல்லை. நான் என்றால் `sumSq`-ஐயே எடுத்துவிட்டு இதை வைப்பேன்.

தரவரிசை:

ஆ, இந்த n(n²-1) எனக்குப் பழக்கமானது. ஸ்பியர்மேன் தரவரிசைத் தொடர்பில் 1 - 6Σd²/(n(n²-1)) என்று வரும். அந்த 6 எங்கிருந்து குதித்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. 12-இல் பாதிதானே?

எண்ணாழி:

அதேதான். தரவரிசைகள் 1 முதல் n வரை ஒருமுறை மட்டுமே வருவதால் அவற்றின் சிதறல் n(n²-1)/12 என்று முன்கூட்டியே தெரிகிறது. Σd²-ஐ அதன் இரு மடங்கால் வகுக்கிறோம், அதனால் 6. ஆனால் சம இடம் வந்தால் இது பிசகும். 1, 2, 3 என்ற இடங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 14. கடைசி இருவரும் சமம் என்று 1, 2.5, 2.5 கொடுத்தால் 13.5. சம இடங்கள் நிறைய இருந்தால் இந்தச் சுருக்கச் சூத்திரத்தை விட்டுவிட்டு, தரவரிசைகளுக்கு வழக்கமான தொடர்புக் கெழுவையே கணக்கிடுங்கள்.

தரவரிசை:

என் தரவில் பாதிக்கு மேல் சம இடங்கள்தான். அப்படியானால் மறுபடியும் உட்கார வேண்டும்.

போக்குக்கோடு:

சம இடம் என்றதும் எனக்கு ஒரு கவலை வந்துவிட்டது. என் சென்சார் அவ்வப்போது சில நிமிடங்கள் அளவீடு அனுப்பாது. நான் வந்தவற்றுக்கு மட்டும் வரிசையாக எண் கொடுக்கிறேன். இது பாதிக்குமா?

எண்ணாழி:

பாதிக்கும். ஓவர்ஃப்ளோவைவிட இது மோசம், ஏனென்றால் விடை பார்க்க இயல்பாகவே இருக்கும். வெப்பம் நிமிடத்துக்குச் சரியாக 1 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 8, 9 ஆகிய நிமிடங்களில் மட்டும் அளவீடு வந்தது. வெப்பமும் 1, 2, 3, 8, 9. இவற்றுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்தால் கீழே 10, மேலே -2 - 2 + 0 + 8 + 18 = 22. சாய்வு 2.2 என்று வரும். உண்மை 1.

உண்மையான நிமிடங்களை வைத்தால் கீழே வர வேண்டியது 53.2. அதை எந்தச் சூத்திரமும் தராது. சூத்திரம் 1 முதல் n வரை இடைவெளி இல்லாமல் இருந்தால்தான் செல்லும். அளவீட்டோடு நேரத்தையும் சேமித்து, அந்த நேரங்களின் வர்க்கங்களை நேராகக் கூட்டுங்கள்.

நேர்வழி:

அதாவது கடைசியில் `for`-தான்.

எண்ணாழி:

இந்தத் தரவுக்கு ஆமாம், `long` அல்லது `double` வைத்து. விடுபடாமல் வரும் தரவில், கடைசி 60 அளவீடுகளுக்கு மட்டும் சாய்வு என்று நகர்த்திக்கொண்டே போகும்போது சூத்திரம் அருமையாக உதவும். கீழே வரும் 60 × 3599/12 = 17995 மாறவே மாறாது, ஒருமுறை எழுதி வைத்தால் போதும்.

போக்குக்கோடு:

இன்றிலிருந்து நேரத்தோடு சேமிக்கிறேன். பழைய கோப்புகளில் வெறும் வெப்பநிலை வரிசை மட்டும்தான் இருக்கிறது, எங்கே விடுபட்டது என்ற குறிப்பே இல்லை. அவற்றை மீட்க வழி உண்டா?

தரவரிசை:

அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளுக்கு நடுவே வழக்கத்தைவிடப் பெரிய தாவல் இருந்தால், அங்கே விடுபட்டது என்று ஊகிக்கலாமே?

எண்ணாழி:

வெப்பம் சீராக ஏறியிருந்தால் ஓரளவு முடியும். ஆனால் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டிய தரவில், சாய்வு இவ்வளவுதான் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு இடைவெளியை ஊகிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோப்பு தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் தெரியுமா? தெரிந்தால் மொத்தம் எத்தனை அளவீடு விடுபட்டது என்பதாவது கிடைக்கும்.

போக்குக்கோடு:

கோப்பு கடைசியாக மாறிய நேரம் இருக்கிறது. தொடங்கிய நேரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.