கலைச்சொல் தேவை: வாஷிங் மெஷின் கதவு ரப்பருக்குள் படியும் வழவழப்புக்கு என்ன பெயர்?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முன்பக்கக் கதவு உள்ள சலவை இயந்திரத்துக்கு ஒரு பராமரிப்புக் கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரம்மில் புழுக்க வாடை அடித்தால் என்ன செய்வது என்ற பகுதியில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன். கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒன்று ஒட்டியிருக்கும். அதை எப்படிச் சொல்வது? ‘அழுக்கு’ என்று எழுதினால் துணியிலிருந்து வந்த அழுக்கு என்றுதான் படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘பாசி’ என்று பேச்சில் சொல்கிறோம், ஆனால் பாசி வளர வெளிச்சம் வேண்டும், அந்த மடிப்புக்குள் இருட்டு. ‘சோப்புக் கசடு’ பொருந்துமா?

இராமநாதன் எழுதியது:

‘சோப்புக் கசடு’ நல்ல சொல், அதையே வையுங்கள். திரவத்தின் அடியில் தங்குவது கசடு. கரையாத சோப்புத்தூள் மடிப்பில் தங்கிவிடுகிறது, வேறொன்றுமில்லை. கூடுதலாக இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசினால் போய்விடும் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

முருகேசன் எழுதியது:

ஐயா, வேலைக்குப் போகிற இடங்களில் நான் பார்ப்பது வேறு. தூள் தங்கினால் வெள்ளையாக, விரலில் நறநறவென்று இருக்கும், தண்ணீர் பட்டால் கரையும். செல்வி கேட்பது தண்ணீர் பட்டாலும் கரையாது, விரலால் வழித்தால் கொழுப்பு மாதிரி வரும். சோப்பில் மிச்சமிருப்பதோடு துணியை மென்மையாக்க ஊற்றும் கண்டிஷனரின் கொழுப்பும், உடம்பு எண்ணெயும், துணிப் பஞ்சும் சேர்ந்து ஒரு படலமாகப் படிகின்றன. அதைத் தின்று அதற்குள்ளேயே பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்கின்றன. வாடை அவற்றிலிருந்து வருகிறது. ‘கசடு’ என்று போட்டால் படிப்பவர் அலசிவிட்டு விட்டுவிடுவார், மறுபடியும் வாடை வரும்.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். எப்போதும் 30 டிகிரியில் குறுகிய சலவைதான், திரவ சோப்பு, மூடி நிறைய கண்டிஷனர். வாடை வந்ததும் வெறும் மெஷினை 90 டிகிரியில் ஓட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு வாடை திரும்பிவிட்டது. நான் போய்க் கதவு ரப்பரின் அடிமடிப்பை இழுத்துப் பார்த்தேன். அங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. மடிப்பின் அடியில் தண்ணீர் டிரம் பக்கமாக இறங்குவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. முடியும் பஞ்சும் திரண்டு அவற்றை அடைத்திருந்தன. அவற்றைப் பல்குச்சியால் குத்தி எடுத்ததும் தண்ணீர் இறங்கிவிட்டது. அப்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத்பிரஷால் மடிப்பு முழுக்க, குறிப்பாக மேல் பாதியிலும், தேய்த்துத் துணியால் துடைத்தேன். சோப்பு டிராயரை முழுசாக வெளியே இழுத்தால் கண்டிஷனர் ஊற்றும் அறையிலும் அதே சாம்பல் படலம், டிராயர் போகும் பொந்தின் கூரையிலும் அதே. கீழே பம்ப் ஃபில்டரையும் திறந்து கழுவினேன். திறப்பதற்கு முன் ஒரு தட்டும் துண்டும் வைக்க வேண்டும், தண்ணீர் கொட்டும்.

கையால் எட்டுவதை எடுத்த பிறகுதான் சூடான சலவை. முதல் சுற்றில் சோப்பே போடவில்லை. ஆனாலும் கண்ணாடியில் நுரை கட்டியது. அதுதான் சோதனை: எதுவும் போடாமல் நுரை வந்தால் டிரம்முக்குப் பின்னால் பழைய சோப்பு நிறையத் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த சுற்றில் ஆக்சிஜன் பிளீச் கலந்த சோப்புத்தூள் போட்டு 60 டிகிரிக்கு மேல் ஓட்டினேன். திரவ சோப்புகளில் பெரும்பாலும் அந்த பிளீச் இருக்காது, அதனால்தான் திரவத்தையே குளிர் நீரில் போடுகிறவர்கள் வீட்டில் வாடை அதிகம். மறுபடி வெறுமையாக ஓட்டியபோது நுரை இல்லை.

மீனா எழுதியது:

என் மெஷின் மேலே திறப்பது, அதில் இப்படி மடிப்பு ரப்பரே கிடையாது, ஆனாலும் வாடை வருகிறதே! வினிகர் நல்லது என்கிறார்கள், பிளீச் நல்லது என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஊற்றி ஊறவிடலாமா?

முருகேசன் எழுதியது:

மீனா அம்மா, சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் பிளீச்சோடு வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைத்துவிடும். ஒன்றை விட்டபின் இன்னொன்று போடுவதென்றால் நடுவில் ஒரு முழு அலசல் ஓடியிருக்க வேண்டும். மேலே திறக்கும் மெஷினில் உள் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் இடையிலுள்ள சுவரில் இதே படலம் உட்காரும். கையால் எட்டாது. கண்டிஷனரைக் குறைத்துவிட்டு, சூடான தண்ணீரைத் தொட்டி நிறைய எடுத்து, ஆக்சிஜன் பிளீச் போட்டு ஊறவிட்டு ஓட்டுங்கள். சாம்பல் நிறச் செதில்கள் மிதந்து வரும். அவை வருவது நிற்கும் வரைக்கும் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

நசீர் எழுதியது:

முருகேசன் அண்ணன் சொல்வதைப் படித்ததும் ‘வழும்பு’ ஞாபகம் வந்தது. மீன் கழுவும்போது கையில் ஒட்டுமே, அதுதான். வழவழப்பு, கொழுப்பு, வெறும் தண்ணீரில் போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்ற நான்கும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ‘சோப்பு வழும்பு’ என்று வைக்கலாம். ‘உயிர்ப்படலம்’ என்று அறிவியல் கட்டுரைகளில் எழுதுகிறார்கள், ஆனால் அது பல்லில் படிவதற்கும் குழாயில் படிவதற்கும் பொதுச்சொல். கையேட்டில் அதை ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டு வழும்பையே தொடரலாம்.

இராமநாதன் எழுதியது:

கசடு பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கருப்புப் புள்ளிகளை எதில் சேர்ப்பீர்கள்? அவை வழுக்குவதே இல்லை, ரப்பரில் அப்பியிருக்கின்றன. அவற்றையும் வழும்பு என்றால் குழப்பம்தான்.

முருகேசன் எழுதியது:

சரியான கேள்வி ஐயா. அவை பூஞ்சைக் கறை, தனியாகவே எழுத வேண்டும். நீர்த்த குளோரின் பிளீச்சில் நனைத்த டிஷ்யூ தாளை மடிப்பில் அரை மணி நேரம் ஒட்டி வைத்தால் பூஞ்சை செத்துவிடும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்து, பிறகு நன்றாக அலச வேண்டும். அடிக்கடி செய்தால் ரப்பர் கெடும். கறை ரப்பருக்குள் இறங்கியிருந்தால் நிறம் போகாது. வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, துணியில் எதுவும் வராமல், வாடையும் இல்லாமல் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம். ரப்பர் பிசுபிசுத்து வெடித்திருந்தால் மட்டும் மாற்றச் சொல்வேன்.

செல்வி எழுதியது:

மிக்க நன்றி. ‘சோப்பு வழும்பு’, ‘பூஞ்சைக் கறை’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன். அந்த ஓட்டைகளுக்கு ‘வடிதுளை’ என்று வைத்திருக்கிறேன். ரப்பருக்கு ‘மடிவளையம்’ எப்படி?

முருகேசன் எழுதியது:

வடிதுளை சரி. மடிவளையம் பார்க்க அழகுதான், ஆனால் உதிரிபாகக் கடையில் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘கதவு ரப்பர்’ போதும்.

நசீர் எழுதியது:

எனக்கு மடிவளையம்தான் பிடித்திருக்கிறது. மடிப்பு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது, பெயரைப் பார்த்தாவது விரித்துப் பார்ப்பார்கள். படத்தில் மடிவளையம் என்று குறித்து, கீழே ‘கடையில் கதவு ரப்பர் அல்லது கேஸ்கட் என்று கேளுங்கள்’ என்று போடலாமே?

செல்வி எழுதியது:

படம் வரைந்ததும் இரண்டு பெயரையும் போட்டு அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முருகேசன் அண்ணா, வடிதுளைகள் எல்லா மெஷினிலும் ஒரே இடத்தில் இருக்குமா?

முருகேசன் எழுதியது:

பெரும்பாலும் அடிமடிப்பில், நேர் கீழே இருக்கும். சிலவற்றில் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி இருக்கும். ‘அடிமடிப்பை விரலால் தடவித் தேடவும்’ என்று எழுதிவிடுங்கள். சலவை முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் அங்கே தண்ணீர் நின்றால் துளை அடைத்திருக்கிறது என்பதையும் சேருங்கள்.