கொடைக்கானல் கல்யாண மேக்கப்: கொட்டேஷன் எப்படிப் போடலாம்?

வணக்கம் தோழிகளே. நான் கடலூரில் பிரைடல் மேக்கப் செய்கிறேன். புதுச்சேரி பெண் ஒருவருக்குக் கொடைக்கானலில் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 மணிக்கு முகூர்த்தம். ஹேர் ஸ்டைலுக்கு ஒரு பெண், புடவை கட்ட ஒரு பெண் என்று இரண்டு உதவியாளர்கள் வருகிறார்கள்.

என் கணக்கு இது. இரண்டு மேக்கப்புக்கும் சேர்த்து 40,000. ரிசப்ஷனுக்கு முந்தின நாளே கிளம்பணும் என்பதால் உதவியாளர்களுக்கு 3 நாள் சம்பளம், ஆளுக்கு நாளுக்கு 2,000 வீதம் 12,000. போக வர கார், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் 18,000. மொத்தம் 70,000.

பெண் வீட்டார் எல்லாம் சேர்த்து 60,000 என்கிறார்கள், பஸ்ஸில் வரலாமே என்றும் கேட்கிறார்கள். ரிங் லைட், ஏர்பிரஷ் கம்ப்ரஸர், மடக்கு நாற்காலி, மூன்று பெட்டி. இவற்றோடு இரண்டு பஸ் மாறுவது நடக்காத காரியம். பயண நாளுக்குச் சம்பளம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அன்றைக்கு அந்தப் பெண்கள் வேறு வேலைக்குப் போக முடியாதே!

அறை விஷயத்தில் மட்டும் நான் இறங்க மாட்டேன். அதிகாலை 2.30 மணிக்கே மேக்கப் தொடங்கணும். அந்த நேரத்தில் மலைப்பாதையில் பெண்களை அலைய விட முடியாது, கல்யாணம் நடக்கும் ரிசார்ட்டிலேயே இரண்டு இரவுக்கு அறை வேண்டும்.

வெளியூர் கல்யாணம் செய்தவர்கள் சொல்லுங்கள்: காரையும் அறையையும் அவர்களையே நேரடியாக ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, மேக்கப்பும் சம்பளமும் மட்டும் 52,000 என்று கொடுக்கலாமா? பயண நாளுக்கு நீங்கள் முழுச் சம்பளம் வாங்குகிறீர்களா, பாதியா? அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்?