வெஸ்ட் ஆன கம்பெனி ஷேரை உடனே வித்துடலாமா?

ஃப்ரெண்ட்ஸ், ஒரு யோசனை சொல்லுங்க. நான் வேலை பார்க்கிற கம்பெனி எனக்கு ஒதுக்குன ஷேர்ல 400 போன வாரம் வெஸ்ட் ஆகி எனக்குச் சொந்தமாச்சு, 140 வரிக்குப் பிடிச்சது போக 260 அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு. வெஸ்ட் ஆன அன்னைக்கு இருந்த விலைதான் எனக்கு அடக்கவிலை, அதனால உடனே வித்தா லாப வரி பெருசா வராது. இதே தொகை போனஸா வந்திருந்தா இந்த ஷேரையே வாங்கியிருப்பேனா? சத்தியமா மாட்டேன், ஆனாலும் விக்க மனசு வரல. ஏற்கனவே என் சேமிப்புல 60 சதவீதம் இதே ஷேர், சம்பளமும் அங்கேதான், இன்னும் 900 ஷேர் வெஸ்ட் ஆகணும், கம்பெனி சறுக்குனா எல்லாமே ஒரே நேரத்துல அடி வாங்கும்னு பயமா இருக்கு. கம்பெனி ரிசல்ட் வந்தப்புறம், ஊழியர்கள் ஷேர் விக்க அனுமதிக்கிற டிரேடிங் விண்டோ திறந்ததும் இந்த 260ஐ மொத்தமா வித்துட்டு, லாபத்துல இருக்கிற பழசை மட்டும் வரி பார்த்து கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாமா? இப்படி செஞ்சவங்க எத்தனை சதவீதத்துல நிறுத்துனீங்க?